கூம்புத் தொட்டியில் நீர்மட்டம் ஏன் போகப்போக மெதுவாகிறது?

மொரீஷியஸ் ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு எச்.எஸ்.சி. மாணவி கேட்டிருக்கிறார்: "குழாயில் தண்ணீர் ஒரே சீராகத்தானே விழுகிறது, பிறகு மட்டம் ஏறும் வேகம் மட்டும் ஏன் மாறுகிறது?"

கூர்முனை கீழே இருக்கும் கூம்புத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் 200 செ.மீ., மேல்வாயின் ஆரம் 100 செ.மீ. குழாய் நிமிடத்துக்கு 20 லிட்டர், அதாவது 20,000 கன செ.மீ. தருகிறது. நீரின் உயரம் h, நீர்ப்பரப்பின் ஆரம் r என்றால், வடிவொத்த முக்கோணங்களால் எப்போதும் r = h/2. இதைக் கன அளவுச் சூத்திரத்தில் போட்டால் r மறைந்துவிடும்:

V = πh³/12

நேரத்தைப் பொறுத்து வகையிட:

dV/dt = (πh²/4) · dh/dt

அந்த πh²/4 என்ன என்று நின்று பாருங்கள். r = h/2 என்பதால் அது πr²தான், அந்த நொடியில் மேலே தெரியும் நீர்ப்பரப்பின் பரப்பளவு. புதிதாக விழும் தண்ணீர் அந்தப் பரப்பின்மேல் மெல்லிய தகடாகப் படிகிறது. பரப்பு விரிய விரிய, அதே 20 லிட்டருக்குத் தகடு மெலிகிறது. கணக்கு முழுக்க இவ்வளவுதான். கிண்ணமோ குடமோ, எந்த வடிவத் தொட்டிக்கும் நீர்வரத்தை நீர்ப்பரப்பால் வகுத்தால் மட்டம் ஏறும் வேகம் கிடைத்துவிடும். டியூஷனில் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைப்பவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விடுவது எனக்குப் புரிவதே இல்லை.

h = 50 செ.மீ. இருக்கும்போது மட்டம் நிமிடத்துக்கு சுமார் 10.2 செ.மீ. ஏறும். 100-இல் 2.55 செ.மீ., விளிம்பில் 0.64 செ.மீ. மட்டுமே. உயரம் இரட்டித்தால் வேகம் கால்பங்காகிறது.

மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. h = 100 என்றால் r = 50 என்று முதலிலேயே எண்ணைப் போட்டுவிட்டு, V = πr²h/3 என்பதை r மாறிலி போல வகையிடுவார்கள். விடை 7.64 செ.மீ. என்று வரும், சரியானதைப்போல் மும்மடங்கு. r-உம் வளர்கிறது என்பதை மறந்ததன் விலை அது. கண்டுபிடிப்பது எளிது: வந்த வேகத்தை நீர்ப்பரப்பான 7,854 சதுர செ.மீ.-ஆல் பெருக்குங்கள். 20,000 வராமல் 60,000 வந்தால், குழாய் தராத தண்ணீரை நீங்கள் ஊற்றியிருக்கிறீர்கள்! எண்ணை வகையிட்ட பிறகே போட வேண்டும்.

h = 0 என்றால் வேகம் முடிவிலி ஆகுமே என்று பயப்பட வேண்டாம். நிஜத் தொட்டியின் அடியில் கூர்முனை இருக்காது, வடிகுழாய் பொருத்திய சிறு வட்டம்தான் இருக்கும். அங்கே பரப்பு பூச்சியமாவதில்லை.

மட்டத்தைப் பார்த்து நேரம் கணிப்பவர்கள்தான் உண்மையில் ஏமாறுவார்கள். காலித் தொட்டியில் மட்டம் பாதி உயரத்துக்கு 13 நிமிடத்தில் ஏறிவிடும். ஆனால் அதில் இருப்பது 262 லிட்டர், கொள்ளளவான 2,094-இல் எட்டில் ஒரு பங்குதான். மீதிக்கு இன்னும் 92 நிமிடம் ஆகும். பாதித் தண்ணீர் சேர்ந்ததைக் காட்ட தொட்டியின் சுவரில் ஒரு கோடு போடுவதென்றால், அடியிலிருந்து 159 செ.மீ. உயரத்தில் போட வேண்டும்.