ஜீவனாம்ச வழக்கில் சொத்து, கடன் பிரமாணப் பத்திரம்: எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது

ஜீவனாம்சம் கேட்டு எந்தச் சட்டத்தின்கீழ் மனு போட்டாலும் கணவன், மனைவி இருவருமே தங்கள் வருமானம், சொத்து, கடன் விவரங்களைச் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென ஒரே மாதிரியான படிவம் வகுத்து, நாடு முழுவதும் பின்பற்றச் சொன்னது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125ஆம் பிரிவு, அதாவது இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, குடும்ப வன்முறைச் சட்டம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அப்போது நிலுவையில் இருந்த வழக்குகளையும் சேர்த்தே சொன்னார்கள். அப்படியும் பல நீதிமன்றங்களில் இது நடக்கவில்லை என்று கண்டு, 2023 நவம்பரில் தீர்ப்பை மறுபடியும் சுற்றுக்கு விடச் சொன்னது அதே நீதிமன்றம். ஆகவே எதிர்த்தரப்பு வெறும் பதிலுரையை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தால், பத்திரம் எங்கே என்று கேட்க வேண்டியது உங்கள் வக்கீலின் வேலை.

படிவம் மூன்று வகை. சம்பளக்காரர், வியாபாரி, தொழில் செய்பவர் முதலாவதை நிரப்ப வேண்டும். விவசாயத்தை நம்பி இருப்பவர்களுக்கு இரண்டாவது; அதில் நிலத்தின் அளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், மூன்று ஆண்டு வருமானம், ஆடு மாடு எத்தனை என்பதுவரை கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்குப் பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களை இணைப்பது வழக்கம். மூன்றாவது மேகாலயாவுக்கு மட்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர், அன்றாடக் கூலிகள் ஆகியோருக்குப் பத்திரத்திலிருந்தே விலக்கு உண்டு.

மனு போடுபவர் இடைக்கால மனுவோடு சேர்த்தே பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். எதிர்மனுதாரருக்கு அதிகபட்சம் நான்கு வாரம். இரண்டு வாய்தாவுக்கு மேல் கேட்க முடியாது. வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கிவிடலாம். பத்திரமே தராவிட்டால் மனுதாரர் கொடுத்ததை வைத்து நீதிபதி இடைக்கால உத்தரவு போடலாம். ‘தராமல் இருந்தால் வருமானம் தெரியாது’ என்று கணக்குப் போடுபவர்களுக்கு இதனால் நஷ்டமே அதிகம். பத்திரங்கள் வந்த பிறகு நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இடைக்கால மனுவை முடிக்க முயல வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உள்ளது.

தகராறு பெரும்பாலும் வருமானக் கட்டத்தில்தான் கிளம்பும். உதாரணத்துக்கு, கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் கணவர், ‘மாத வருமானம் 33,200 ரூபாய்’ என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளச் சீட்டில் மொத்தச் சம்பளம் 70,000. பி.எஃப். பிடித்தம் 1,800. மீதி 68,200. அதிலிருந்து வீட்டுக் கடன் தவணை 22,000, தனிநபர் கடன் தவணை 13,000 இரண்டையும் கழித்துத்தான் 33,200 வருகிறது. கணக்கு சரி, எழுதிய இடம் தப்பு. வருமானக் கட்டத்தில் மொத்தச் சம்பளத்தைக் காட்டி, படிவம் 16-ஐயும் நிறுவனத்தின் சான்றையும் இணைக்க வேண்டும். தவணைகளுக்குக் கடன் கட்டம் தனியாக இருக்கிறது. கடன் வாங்கிய தேதியும் அங்கே எழுத வேண்டும். அந்தத் தேதிதான் பல விஷயங்களைக் காட்டிக் கொடுக்கும். இவருடைய தனிநபர் கடன், மனைவியின் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு வாங்கியது. வருமான வரி, கட்டாய பி.எஃப். போன்ற சட்டப் பிடித்தங்களை நீதிமன்றங்கள் கழித்துப் பார்ப்பது வழக்கம். தானாக ஏற்றுக்கொண்ட தவணையை அப்படியே கழிக்க விடுவதில்லை, அதிலும் வழக்கு வந்தபின் வாங்கிய கடனை நிச்சயம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

கடைசி மூன்று ஆண்டு வங்கி அறிக்கையையும் இணைக்க வேண்டும். ஒரு கணக்கு மட்டும் போதாது, இருக்கும் எல்லாக் கணக்குக்கும். நம் உதாரணத்துக் கணவரின் அறிக்கையில் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியை ஒட்டி ஒரே ஆளிடமிருந்து 9,000 ரூபாய் யு.பி.ஐ. மூலம் வருகிறது. மாடி வீட்டு வாடகை. ‘பிற வருமானம்’ கட்டத்தில் அவர் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார். பி.எஃப். போக மீதிச் சம்பளமும் வாடகையும் சேர்ந்தால் 77,200. அவர் சொன்ன 33,200-க்கு இருமடங்குக்கும் மேல். அறிக்கையைப் பார்க்கும்போது இப்படி மாதந்தோறும் திரும்ப வரும் தொகைகளையும், சம்பளம் வந்த மறுநாளே அம்மா அல்லது தம்பி கணக்குக்குப் போகும் பெரிய தொகைகளையும் பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள். தன் பெயரில் உள்ள இன்னொரு கணக்குக்கு அவரே பணம் மாற்றியிருந்து, அந்தக் கணக்கின் அறிக்கை இணைப்பில் இல்லையென்றால், மறைத்த கணக்கு அதுதான்.

இதே அளவுகோல் மனைவிக்கும் உண்டு. ‘வருமானம் இல்லை’ என்று எழுதிவிட்டு, டியூஷன் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து மாதம் 6,000 ரூபாய் கூகுள் பேயில் வந்துகொண்டிருந்தால், அது எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொடுத்த பரிசு. சம்பாதிக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை; அந்தப் பணம் போதுமா, கணவரோடு வாழ்ந்த தரத்துக்கு ஈடாகுமா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஆறாயிரத்தை எழுதினால் பெரிதாக ஒன்றும் குறையாது. மறைத்துப் பிடிபட்டால் மற்றக் கட்டங்களில் எழுதிய உண்மையையும் நீதிபதி நம்பத் தயங்குவார். நகை, வைப்புத்தொகை, பெற்றோர் எழுதிவைத்த பங்கு எல்லாமும் அப்படியே. மாதச் செலவுக் கட்டத்தில் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், மருந்து எனப் பிரித்து, ரசீது உள்ளதை இணைத்து எழுதுங்கள். ஒரே தொகையாக ‘செலவு 40,000’ என்று எழுதினால் எதையும் நிரூபிக்க முடியாது.

எதிர்த்தரப்பின் பத்திரத்தில் பொய் தெரிந்தால், நேராகக் குறுக்கு விசாரணைக்குக் காத்திருக்க வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் கட்டளைப்படி, எழுத்து வினாக்கள் அனுப்பவும் ஆவணங்களைத் தாக்கல் செய்யச் சொல்லவும் நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு மனு போடலாம். வினா குறிப்பாக இருக்க வேண்டும். ‘உங்கள் உண்மையான வருமானம் என்ன’ என்று கேட்டால் பழைய பதில்தான் வரும். ‘ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில் இந்த நபரிடமிருந்து வரவாகும் 9,000 ரூபாய் எதற்காக’ என்று தேதியும் கணக்கும் குறிப்பிட்டுக் கேட்டால் நழுவ முடியாது. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்ற சாட்சியச் சட்ட விதியையும், இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 109ஆம் பிரிவாக உள்ளது, நீதிமன்றம் பயன்படுத்தலாம். வேண்டுமென்றே பொய் என்று ஆனால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 379ஆம் பிரிவின்கீழ் பொய்ச் சாட்சியத்துக்கான நடவடிக்கையும், நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் வரலாம். எல்லா முரணுக்கும் இதைக் கேட்டு மனு போட்டு வழக்கை நீட்ட வேண்டாம். இடைக்காலத் தொகை தள்ளிப்போவதுதான் மிச்சம்.

கையெழுத்துப் போடுமுன் படிவத்தை உட்கார்ந்து படியுங்கள். ஆங்கிலப் படிவத்தில் புரியாமல் கையெழுத்திட்டுவிட்டு, ‘வக்கீல் எழுதினார்’ என்று பிறகு சொல்வது எடுபடாது, சத்தியம் செய்தது நீங்கள். தமிழில் தயார் செய்து தரச் சொல்லலாம். பொருந்தாத கட்டத்தை வெறுமையாக விடாமல் ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். துணையின் வருமானத்தைப் பற்றிய கட்டத்தில் தெரிந்ததை மட்டும், எப்படித் தெரியும் என்பதோடு எழுதுங்கள்.

வழக்கு நடக்கும்போதே வேலை போனாலோ, சம்பளம் கூடினாலோ, புதுத் தகவல் கிடைத்தாலோ கூடுதல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யலாம். வேலை போனதற்கு நிறுவனத்தின் கடிதமும், அதற்குப் பிந்தைய மாதங்களின் வங்கி அறிக்கையும் அதோடு வேண்டும்.