20,722 எப்படி 16,425 ஆனது?

என் பெரியம்மா மகன் ஜூன் 1ஆம் தேதி சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தான். முதல் சம்பளம் ஏறிய அன்று ராத்திரியே என் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் பதினோரு வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறவள் என்பது அவனுக்குத் தெரியும்.

"அக்கா, ஆஃபர் லெட்டர்ல வருஷத்துக்கு 2,48,664னு இருக்கு. 12ஆல வகுத்தா 20,722. வந்தது 16,425தான். ஒரு நாள் கூட லீவு போடலையே, 4,297 எங்க போச்சு?"

பே ஸ்லிப் கொண்டு வந்தாயா என்றேன். இல்லை, மெயிலில் வந்ததைத் திறந்தே பார்க்கவில்லை. சரி, இப்போது திற என்று சொல்லி, ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தையும் எடுக்கச் சொன்னேன், ஏனென்றால் பதில் பாதி அங்கேதான் இருக்கும்.

அந்தப் பக்கத்தில் பேசிக் 12,000, வீட்டு வாடகைப் படி 6,000, ஆக 18,000. அதுதான் அவனுடைய மொத்தச் சம்பளம். அதற்குக் கீழே நான்கு வரி: கம்பெனி கட்டும் பி.எஃப். 1,440, பி.எஃப். நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 120, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குக் கம்பெனி கட்டும் 585, கிராஜுவிட்டி 577. இந்த 2,722 அவன் பெயரில் கம்பெனிக்கு ஆகும் செலவு, அவன் கைக்கு மாதாமாதம் வருகிற பணம் இல்லை. சி.டி.சி. என்று பெரிதாகப் போட்டிருந்த தொகையில் இதுவும் சேர்ந்திருந்தது. கிராஜுவிட்டியைப் பாருங்கள், நிரந்தர ஊழியராக 5 வருடம் முடித்து வேலையை விட்டுப் போகும்போதுதான் பொதுவாக அது கிடைக்கும், ஆனால் முதல் மாதக் கணக்கிலேயே அதைச் சம்பளம் போலக் காட்டியிருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டாமா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஆற்றாமையாக இருக்கும்.

மீதி 1,575 பே ஸ்லிப்பின் பிடித்தம் பகுதியில் இருந்தது. பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 1,440, அவன் பங்கு பி.எஃப். மொத்தச் சம்பளமான 18,000இல் 0.75 சதவீதம், 135 ரூபாய், அவன் பங்கு இ.எஸ்.ஐ. 2,722உம் 1,575உம் சேர்ந்தால் 4,297. கணக்கு முடிந்தது.

"அப்போ கம்பெனி என்னை ஏமாத்தலையா?"

இந்த ஸ்லிப்பில் இல்லை. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினேன். பிடித்தம் பகுதியில் பி.எஃப். ஒரு தடவைதான், 1,440தான் இருக்க வேண்டும். கம்பெனியின் பங்கையும் அங்கேயே சேர்த்து 2,880 என்று 18,000இலிருந்து பிடித்தால் அது சட்டத்துக்கு விரோதம், நிர்வாகக் கட்டணத்தைப் பிடித்தாலும் அப்படித்தான். இ.எஸ்.ஐ.யிலும் கம்பெனி தன் பங்கை ஊழியரின் சம்பளத்திலிருந்து எடுக்கக் கூடாது.

அடுத்தது, பிடித்த பணத்தைக் கட்டினார்களா என்பது. ஜூன் சம்பளத்தில் பிடித்ததை ஜூலை 15க்குள் கட்டியாக வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற இடங்கள் இருக்கின்றன, ஸ்லிப்பை மட்டும் பார்த்தால் அது தெரியவே தெரியாது. பி.எஃப். கணக்குக்கான யூஏஎன் எண்ணை ஆக்டிவேட் செய்துவிட்டு passbook.epfindia.gov.in தளத்தில் பாஸ்புக்கைப் பார்க்க வேண்டும்.

ஜூலை கடைசியில் மறுபடி போன் செய்தான், குரலில் பதற்றம். "பாஸ்புக்ல என் பங்கு 1,440 சரியா இருக்கு. கம்பெனி பங்கு 440தான் இருக்கு, ஆயிரம் ரூபாயைக் காணோம்!"

பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். பென்ஷன் என்ற தலைப்பின் கீழ் 1,000 இருந்தது. கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும், மிச்சம்தான் பி.எஃப். கணக்கில் சேரும். 12,000க்கு 8.33 சதவீதம் 999.60, அதை முழு ரூபாயாக்கி 1,000.

அப்புறம் ஒன்றையும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். சென்னையில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை, முழு அரையாண்டும் வேலை பார்த்தால் அவன் சம்பளத்துக்கு 1,250 ரூபாய். முதல் ஸ்லிப்பில் அது இல்லை, பிடிக்கிற மாதம் கைக்கு வருவது இன்னும் குறையும்.

போனை வைக்கும் முன் இ.எஸ்.ஐ. அட்டையைப் பற்றிக் கேட்டேன். பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தான். குடும்பத்தார் பகுதியில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவன் சம்பாத்தியத்தை நம்பியிருக்கிற பெரியம்மாவின் பெயர் அதில் இல்லை. மறுநாளே ஹெச்.ஆரிடம் ஆதார் நகலைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லிவிட்டான், பெரியம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை மாதம் தவறாமல் வேண்டும்.