சாம்பல் கல் கட்டாயம் யாருக்கு? வாங்குமுன் சோதிப்பதும் கலவையைத் தேர்வதும்

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலை வீணாக்காமல் பயன்படுத்த, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999-இல் ஓர் அறிவிக்கையைக் கொண்டுவந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது அதற்குப் பதிலாக 2021 டிசம்பர் 31 அன்று வெளியான அறிவிக்கை. நிலக்கரி அல்லது பழுப்பு நிலக்கரியால் இயங்கும் அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நடக்கும் கட்டடப் பணிகளில் சாம்பல் செங்கல், சாம்பல் ஓடு போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது அது. மேட்டூர், நெய்வேலி, தூத்துக்குடி, எண்ணூர் ஆகியவற்றை மையமாக வைத்து வட்டம் போட்டால் தமிழ்நாட்டில் எந்த ஊரும் வெளியே நிற்காது. ஆனால் விதியோடு ஒரு நிபந்தனையும் உண்டு: மாற்றுப் பொருளின் விலையைவிடச் சாம்பல் பொருளின் விலை கூடுதலாக இருக்கக் கூடாது.

லாரியில் வந்து இறங்கும் கல் நல்ல கல்தானா என்பதற்கு இந்த அறிவிக்கை பொறுப்பல்ல. அதற்கு இந்தியத் தர நிர்ணய அளவுகள் இருக்கின்றன. சூளைச் செங்கல்லுக்கு ஐ.எஸ். 1077, சாம்பலும் சுண்ணாம்பும் சேர்த்த கல்லுக்கு ஐ.எஸ். 12894, சாம்பலும் சிமெண்டும் சேர்த்த கல்லுக்கு ஐ.எஸ். 16720.

வலிமையில் பலரும் நினைக்கும் அளவுக்குச் சிக்கல் இல்லை. சதுர மில்லிமீட்டருக்கு 7.5 நியூட்டன் தாங்கும் வகைக் கல்லை எடுத்துக்கொள்வோம். 230 மி.மீ. நீளமும் 110 மி.மீ. அகலமும் உள்ள ஒரு கல், நொறுங்குமுன் சுமார் 19 டன் தாங்கும். ஆனால் கல்லைச் சுவராகக் கட்டும்போது, கல்லின் வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்ற வடிவமைப்பு விதி அனுமதிப்பதில்லை. கல் சூளையில் வெந்ததா, சாம்பலில் வார்த்ததா என்பதால் இந்தக் கணக்கு மாறாது. கவலைப்பட வேண்டியது முழுதாக இறுகாத பச்சைக் கல்லைப் பற்றித்தான். சாம்பல் கல் தீயில் வேகுவதில்லை. சிமெண்டோ சுண்ணாம்போ ஈரத்தில் இறுகித்தான் அதற்கு வலிமை வருகிறது, அதற்கு மூன்று நான்கு வாரம் தேவை. ஒரே வாரத்தில் லாரி ஏறிய கல்லை ஆணியால் கீறினால் விளிம்பு பொடியாக உதிரும். உடைத்துப் பார்த்தால் நடுப்பகுதி மட்டும் ஈரமாகவும் இளகலாகவும் இருக்கும்.

நீர் உறிஞ்சுவதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஆய்வகத்தில் கல்லை அடுப்பில் முழுக்க உலர்த்தி எடை போடுவார்கள். பின் 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் எடை போடுவார்கள். வீட்டில் நல்ல வெயிலில் சில நாள் காய வைத்தால் தோராயமாகத் தெரிந்துவிடும். சாம்பல் கல் 3,200 கிராமிலிருந்து 3,620 கிராம் ஆனால், கூடிய 420 கிராம் ஏறக்குறைய 13 சதவீதம். சூளைச் செங்கல் 2,900-லிருந்து 3,520 ஆனால் 21 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. சாதாரண வகைச் செங்கல்லுக்கு உச்ச வரம்பு 20 சதவீதம் என்பதால் அந்தக் கல் தேறாது. ஒரு கல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஐந்து கல்லின் சராசரியைப் பாருங்கள்.

இந்த வேறுபாடு கட்டுவேலையில்தான் பெரிதாகத் தலைகாட்டுகிறது. சூளைச் செங்கல் கலவையின் தண்ணீரை வேகமாக இழுத்துவிடும், அதனால் முன்கூட்டியே ஊறவைத்துக் கட்டுகிறோம். அந்தப் பழக்கத்தில் சாம்பல் கல்லையும் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஊறிய சாம்பல் கல் கலவையின் மேல் வழுக்கும். அதைவிடப் பெரிய கேடு, சுவர் எழும்பியபின் உலர்ந்து சுருங்குவது. ஐ.எஸ். 12894 அனுமதிக்கும் உலர்சுருக்கம் 0.15 சதவீதம் வரை. மூன்று மீட்டர் நீளச் சுவருக்கு இது 4.5 மி.மீ.! கட்டுமுன் மேலே தண்ணீர் தெளித்தால் போதும்.

கலவையின் தேர்வும் இதைப் பொறுத்ததே. ஒன்றுக்கு மூன்று என்று சிமெண்டைக் கூட்டினால் சுவர் பலப்படும் என்று நம்புகிறார்கள். சுவரின் வலிமையோ அதனால் மிகக் கொஞ்சம்தான் கூடுகிறது. சுவர் சுருங்கும்போது விறைப்பான கலவை இடம் கொடுக்காது, விரிசல் கல்லையே பிளந்துகொண்டு போகும். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல் என்பதே என் தேர்வு. நல்ல சுண்ணாம்பு கிடைத்தால் சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று சேர்ப்பது இன்னும் நல்லது. அப்போது அசைவை இணைப்புகளே ஏற்றுக்கொள்ளும், வந்தாலும் மயிரிழை விரிசல்தான். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் மெலிதானது என்பதால் அதற்கு ஒன்றுக்கு நான்கு வைக்கலாம்.

இணைப்பு 10 மி.மீ. கனம் இருந்தால் போதும். கலவை இறுகுமுன் இணைப்புகளைச் சுமார் 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி விடச் சொல்லுங்கள், ஏனெனில் சாம்பல் கல்லின் முகம் வழவழப்பானது, பூச்சுக்கு வேறு பிடிமானம் இல்லை. சுவரும் தூணும் சேரும் இடத்தில் கம்பிவலை வைத்து, சுவர் சில வாரம் உலர்ந்த பிறகே பூச வேண்டும்.