எட்டுத் தடுமன் பிடித்தால் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று அர்த்தமா?

"ஒரு தடுமன் விட்டா அடுத்தது பிடிச்சிருது டாக்டர். பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லன்னு ஆச்சி சொல்றாங்க. நல்ல டானிக்கா எழுதுங்க."

பள்ளி திறந்துவிட்டால் இந்தப் பேச்சைக் கேட்காமல் என் ஓ.பி. முடிவதில்லை. போன வாரம் பாளையங்கோட்டைத் தாய் ஒருவர் கொண்டுவந்த ஃபைலைப் பார்த்ததும், எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பையனுக்கு மூன்றரை வயது. ஜூனில் எல்.கே.ஜி. சேர்ந்தவன். ஜனவரிக்குள் 11 மருந்துச் சீட்டு, அதில் 5-ல் ஆன்டிபயாடிக். தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தோம். 3 சீட்டுகள், இருந்த சளியே நாலு நாளில் விடவில்லையென்று வேறு டாக்டரிடம் ஓடியதால் வந்தவை. ஆக, தடுமன் எட்டுதான். "நவம்பர் பூரா சளி" என்றார். விசாரித்தால், நடுவில் சில நாள் நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடியிருக்கிறான். அப்புறம் வந்தது புதுக் காய்ச்சல், புது மூக்கொழுகல். அடைமழையில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்தால் அப்படித்தான் வரும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 தடுமன் சாதாரணம். பள்ளி போகும் முதல் ஆண்டில் 10, 12 கூட வரலாம். ரைனோ வைரஸில் மட்டும் 100-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றை எதிர்க்கப் பழகிய உடம்புக்கு அடுத்த வகை புதிது. எட்டு முறை பிடித்து எட்டு முறையும் தானாக ஆறியிருக்கிறதே, அது எதிர்ப்புச் சக்தி செய்த வேலை அல்லாமல் வேறென்ன? ஜூனில் 13.4 கிலோ இருந்தவன் இப்போது 14.6. இவனுக்கு எதற்கு டானிக்?

மூக்குச்சளி பச்சையாக மாறினாலே ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். வைரஸ் சளியும் மூன்றாம், நான்காம் நாளில் நிறம் மாறும். அந்த மருந்து வைரஸைத் தொடாது, வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும். மூக்கு ஒழுகுவது 10 நாளில் குறைந்துவிடும், இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கலாம். மிச்சம் வைத்த இருமல் சிரப்பை எடுத்துக் கொடுக்க வேண்டாம், தயவுசெய்து. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ராத்திரி கொஞ்சம் தேன் போதும்.

நான் கவலைப்படுவது எண்ணிக்கையைப் பார்த்தல்ல. எடை ஏறாமல் நிற்கிறதா? ஓர் ஆண்டில் இரண்டு முறை நிமோனியா வந்ததா? காதில் திரும்பத் திரும்பச் சீழ் வடிகிறதா? ஊசி வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றாமல் தொற்று அடங்குவதே இல்லையா? அப்படியானால் ரத்தப் பரிசோதனைக்கு நானே அனுப்புவேன். தடுமன் இல்லாத நாளிலும் ஓடினால் இருமலும் இளைப்பும் வந்தால், அது ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ஐத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள்.