ஸ்கேல் செய்த பிறகு பிரித்தால் கசியுமா?

மெஷின் லேர்னிங் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும் ஒரு நண்பர், தான் எழுதிய கோடைக் காட்டி ஒரு சந்தேகம் கேட்டார். மொத்த டேட்டாவையும் முதலில் StandardScaler-இல் போட்டிருந்தார், அப்புறம்தான் பயிற்சிக்கு இவ்வளவு, சோதனைக்கு இவ்வளவு என்று பிரித்திருந்தார். "பிரிப்பதற்கு முன்னாலேயே சராசரி எடுத்துவிட்டேனே, அதில் டெஸ்ட் டேட்டாவும் கலந்திருக்குமே? வினாத்தாளை எட்டிப் பார்த்த மாதிரி ஆகாதா? ஆனால் முதலில் பிரித்து, பிறகு ஸ்கேல் செய்து ஓட்டினாலும் ஸ்கோர் ஒரு புள்ளிகூட மாறவில்லை."

அவருடைய சந்தேகமும் சரி, ஸ்கோர் மாறாததும் சரி. இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்துகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஸ்கேலிங் என்றால் என்ன செய்கிறோம்? ஒவ்வொரு நெடுவரிசையிலும் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுக்கிறோம். அல்லது மின்-மேக்ஸ் முறை என்றால், மிகச் சிறிய மதிப்பை 0 ஆகவும் மிகப் பெரியதை 1 ஆகவும் வைத்து மற்றவற்றை நடுவில் பொருத்துகிறோம். எந்த முறையானாலும் நெடுவரிசைக்கு இரண்டு எண்கள் தேவை. அந்த இரண்டு எண்களை டேட்டாவிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறோம். அந்தச் செயலுக்கு fit என்று பெயர் வைத்திருப்பதும் அதனால்தான். மாடல் கற்பது மட்டும் கற்றல் என்று நினைத்துக்கொண்டு, ஸ்கேலரும் கற்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நோயாளிகளின் வயதையும் ரத்தச் சர்க்கரையையும் வைத்து, நீரிழிவு உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். மாடல் மிக எளியது: புதியவருக்கு மிக அருகில் இருக்கும் ஒரு பழைய நோயாளியைக் கண்டுபிடி, அவருக்கு என்னவோ அதையே இவருக்கும் சொல். பயிற்சி டேட்டாவில் வயது 20 முதல் 60 வரை, சர்க்கரை 80 முதல் 180 வரை. அதில் இரண்டு பேரைக் கவனிப்போம். முதலாமவருக்கு வயது 40, சர்க்கரை 170, நீரிழிவு உண்டு. இரண்டாமவருக்கு வயது 52, சர்க்கரை 100, நீரிழிவு இல்லை. சோதனைக்கு வருபவருக்கு வயது 50, சர்க்கரை 160.

பயிற்சி டேட்டாவை மட்டும் வைத்து மின்-மேக்ஸ் செய்தால், வயது வித்தியாசத்தை 40-ஆலும் சர்க்கரை வித்தியாசத்தை 100-ஆலும் வகுக்க வேண்டும். முதலாமவரோடு ஒப்பிட்டால் வயதில் 0.25, சர்க்கரையில் 0.1, தூரம் ஏறத்தாழ 0.27. இரண்டாமவரோடு ஒப்பிட்டால் வயதில் 0.05, சர்க்கரையில் 0.6; தூரம் 0.60. அருகில் இருப்பவர் முதலாமவர். நீரிழிவு உண்டு என்கிறது மாடல். சர்க்கரை 160 இருப்பவருக்கு நியாயமான பதில்தான்.

இப்போது சோதனைப் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார், அவருடைய சர்க்கரை 580 என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் சேர்த்து ஸ்கேல் செய்தால் சர்க்கரையின் வீச்சு 100-இலிருந்து 500 ஆகிவிடுகிறது. வயதின் வீச்சு அப்படியே இருக்கிறது. மறுபடி கணக்கிட்டால் முதலாமவரோடு 0.25, 0.02, தூரம் 0.25. இரண்டாமவரோடு 0.05, 0.12, தூரம் 0.13. அருகில் இருப்பவர் மாறிவிட்டார். நீரிழிவு இல்லை என்கிறது அதே மாடல்.

நம் ஆளின் வயதோ சர்க்கரையோ மாறவில்லை. பயிற்சியில் இருந்தவர்களும் மாறவில்லை. முன்பின் தெரியாத வேறொரு சோதனை நோயாளி வந்ததால் இவருடைய விடை மாறியிருக்கிறது. நிஜத்தில் இந்த மாடலைப் பயன்படுத்தும்போது அந்த 580 ஆள் இன்னும் வந்திருக்கவே மாட்டார். கசிவு என்று சொல்வது இதைத்தான்: பயன்படுத்தும் நேரத்தில் கையில் இருக்க முடியாத ஒரு தகவல் கணக்குக்குள் புகுந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த உதாரணத்தில் கசிவு விடையைக் கெடுத்தது. கசிவு என்றாலே ஸ்கோர் பொய்யாக உயரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஸ்கேலிங் கசிவில் அது எந்தப் பக்கமும் போகலாம். ஏறினாலும் இறங்கினாலும், நாம் அளந்தது நிஜத்தில் ஓடப்போகும் மாடலை அல்ல.

சரி, நண்பருக்கு ஏன் எதுவும் மாறவில்லை? அவர் பயன்படுத்தியது சாதாரண லீனியர் ரிக்ரெஷன். ஒரு நெடுவரிசையை 100-ஆல் வகுத்தால் அதன் குணகம் 100 மடங்கு பெரிதாகிவிடும், சராசரியைக் கழித்தால் மாறிலி அதற்கேற்ப நகர்ந்துகொள்ளும். கணிப்பு அப்படியே இருக்கும். எந்த இரண்டு எண்களை வைத்து ஸ்கேல் செய்தாலும் இதுதான் கதை. டிசிஷன் ட்ரீயும், அதன் மேல் கட்டிய ரேண்டம் ஃபாரஸ்ட்டும் ஏறத்தாழ இப்படித்தான்: மதிப்புகளில் எது சிறிது, எது பெரிது என்பதைத்தான் அவை பார்க்கின்றன, ஸ்கேலிங் அதைக் கலைப்பதில்லை. கசிவு நடந்திருக்கிறது, ஆனால் அதைக் குடிக்க இந்த மாடல்களுக்கு வாய் இல்லை. தூரத்தை அளக்கும் மாடல்கள், குணகங்களின் அளவுக்கு அபராதம் போடும் ரிட்ஜ், லாஸ்ஸோ, அப்புறம் எஸ்விஎம், நியூரல் நெட்வொர்க் ஆகியவற்றுக்குத்தான் ஸ்கேல் மாறினால் விடை மாறும்.

அவற்றிலும் எவ்வளவு மாறும்? 1000 வரிசைகள், அதில் 200 சோதனைக்கு என்று கொள்வோம். சீரற்ற முறையில் பிரித்திருந்தால், மொத்தச் சராசரிக்கும் பயிற்சிச் சராசரிக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாகத் திட்ட விலக்கத்தில் 1.6 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அதை வைத்து எந்த மாடலும் பெரிதாக எதையும் சாதிக்க முடியாது. 50 வரிசைகள்தான், அதில் 10 சோதனைக்கு என்றால் அது 7 சதவீதமாகிறது. மின்-மேக்ஸ் முறையில் இந்த ஆறுதல் கிடையாது. அங்கே ஒரே ஒரு விநோத மதிப்பு போதும் என்பதை மேலே பார்த்தோம்.

இவ்வளவு சிறிய சேதத்துக்கு ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்டால், இதே வரிசைத் தவறை வேறு படிகளில் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். புள்ளியியல் வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படும் ஒரு சோதனை உண்டு. 50 வரிசைகள், 5000 நெடுவரிசைகள், எல்லாம் தாறுமாறான எண்கள். விடைகளோடு எந்தத் தொடர்பும் இல்லை. எந்த மாடலும் நாணயம் சுண்டுவதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. ஆனால் பிரிப்பதற்கு முன்னாலேயே, விடையோடு அதிகம் ஒட்டிப்போகும் 100 நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் டேட்டாவைப் பல பகுதிகளாக்கி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதியைச் சோதனைக்கு வைக்கும் கிராஸ் வேலிடேஷன் செய்தால், பிழை 3 சதவீதம் என்று வருகிறது. உண்மையான பிழை 50. நெடுவரிசைத் தேர்வு விடைகளைப் பார்க்கிறது. சோதனை வரிசைகளின் விடைகளையும் பார்த்துவிட்டது. ஸ்கேலிங் விடைகளைத் தொடுவதில்லை, அதனால்தான் அதன் கசிவு சாதுவாக இருக்கிறது.

விடையே ஸ்கேல் செய்யப்படும் இடத்தில் அந்தச் சாதுத்தனம் போய்விடும். காலவரிசைக் கணிப்பில் இதுதான் நடக்கிறது. மின்தேவை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருக்கிறது: முதல் 8 ஆண்டுகளில் 100-இலிருந்து 180 வரை, சோதனைக்கு ஒதுக்கிய கடைசி 2 ஆண்டுகளில் 200 வரை. மொத்தத்தையும் மின்-மேக்ஸ் செய்தால் பயிற்சி 0.8-இல் முடிகிறது, சோதனை சரியாக 1-ஐத் தொடுகிறது. உச்சம் எங்கே என்பதை எதிர்காலம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. பயிற்சியை மட்டும் வைத்துச் செய்தால் சோதனை 1.25 வரை போகிறது. மாடலின் கடைசி அடுக்கில், எதையும் 0-க்கும் 1-க்கும் நடுவில் அடக்கும் சிக்மாய்டு இருந்தால் அதனால் 1-க்கு மேல் எதையும் சொல்லவே முடியாது. கசிந்த ஸ்கேலிங் இந்தக் குறையை மூடி மறைக்கும். நேர்மையான ஸ்கேலிங் அன்றே காட்டிக்கொடுக்கும். 1.25 என்ற எண்ணைப் பார்த்து, ஏதோ தவறு என்று அதை 1-க்குள் அடக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

சரியான முறை மூன்றே வரிதான், பிரித்த பிறகு:

```python
scaler = StandardScaler()
X_train = scaler.fit_transform(X_train)
X_test = scaler.transform(X_test)
```

மூன்றாம் வரியில் fit இல்லை. சிலர் கசிவுக்குப் பயந்து, சோதனை டேட்டாவுக்குத் தனியாக fit_transform போடுவார்கள். அது இன்னும் மோசம். ஒரே ஒரு நோயாளி வந்தால் அவருடைய சராசரி அவரேதான். கழித்தால் எல்லா மதிப்புகளும் 0. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

கிராஸ் வேலிடேஷன் செய்தால் இந்த மூன்று வரிகளும் போதாது. X_train ஏற்கெனவே ஸ்கேல் ஆகியிருப்பதால், உள்ளே பிரிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அதே கசிவு திரும்பவும் வரும். ஸ்கேல் செய்யாத X_train-ஐக் கொடுத்து, ஸ்கேலரையும் மாடலையும் ஒரே பைப்லைனாகக் கட்டிவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் fit புதிதாக நடக்கும்:

```python
model = make_pipeline(StandardScaler(), KNeighborsClassifier())
cross_val_score(model, X_train, y_train, cv=5)
```

எல்லா முன்தயாரிப்புக்கும் இந்தக் கவலை வேண்டாம். படத்தின் பிக்சல்களை 255-ஆல் வகுப்பது, லாக் எடுப்பது போன்றவற்றை எப்போது செய்தாலும் ஒன்றுதான். 255 என்ற எண்ணை டேட்டாவிடமிருந்து கற்கவில்லையே. மற்ற வரிசைகள் மாறினால் இந்த வரிசையின் மதிப்பு மாறுமா என்று கேட்டுப் பாருங்கள். மாறாது என்றால் கசிய வழியில்லை.

வேறு யாரோ எழுதிய நீளமான கோடில் இதைக் கண்ணால் தேடுவது சிரமம். நண்பருக்கு நான் காட்டிய வழி, சோதனை வரிசைகளை வேண்டுமென்றே நாசமாக்கிப் பார்ப்பது. அவருடைய முன்தயாரிப்பு முழுவதையும் prep என்ற ஃபங்ஷனுக்குள் வைத்தோம்:

```python
X2 = X.copy()
X2[test_idx] = 1e6
np.allclose(prep(X)[train_idx], prep(X2)[train_idx])
```

சோதனை வரிசைகளில் என்ன குப்பை இருந்தாலும் பயிற்சி வரிசைகள் அசையக் கூடாது. அவருக்கு False வந்தது. லீனியர் ரிக்ரெஷனை எடுத்துவிட்டு ரிட்ஜ் போட்டு, பிரிப்பதற்கு முன் ஸ்கேல் செய்து ஒரு முறை, பிரித்த பிறகு செய்து ஒரு முறை என மறுபடி ஓட்டினார். இந்த முறை ஸ்கோர்கள் மூன்றாம் தசமத்தில் பிரிந்தன.