படங்கள் தாமாகவே பதிவேறும்போது டேட்டா எங்கே கரைகிறது?

ஒரு பயணத்தில் நானும் உடன் வந்த இருவரும் சிம் அட்டை பொருத்திய கையடக்க வைஃபை கருவி ஒன்றைப் பகிர்ந்துகொண்டோம். மூவரின் கைபேசிகளிலும் படங்களைத் தானாகப் பதிவேற்றும் வசதி, வைஃபை இருந்தால் மட்டுமே இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் அந்தக் கருவியில் நாங்கள் போட்டிருந்த ப்ரீபெய்டு டேட்டா முதல் இரவிலேயே தீர்ந்துபோயிற்று. மூன்று கைபேசிகளும் வைஃபை கிடைத்துவிட்டது என்று கருதி, பகலில் எடுத்த படங்களையும் காணொளிகளையும் நாங்கள் உறங்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியிருந்தன. அமைப்பில் பிழை ஏதும் இல்லை. வைஃபை என்ற சொல்லை நாங்கள் ஒரு பொருளிலும் கைபேசி வேறொரு பொருளிலும் எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

ஆண்ட்ராய்டு கைபேசி ஓர் இணைப்பைப் பற்றி இரண்டு செய்திகளைத் தனித்தனியே குறித்துவைத்திருக்கிறது. அது வைஃபையா மொபைலா என்பது ஒன்று. அதில் செலவாகும் டேட்டா கணக்கிடப்பட்டுக் கழிக்கப்படுமா என்பது மற்றொன்று. கழிக்கப்படும் இணைப்பை அமைப்புத் திரையில் Metered என்றும், கழிக்கப்படாததை Unmetered என்றும் காண்கிறோம். பதிவேற்றச் செயலி ஒன்று, கழிக்கப்படாத இணைப்பு கிடைக்கும்போது மட்டும் தன்னை எழுப்புமாறு இயங்குதளத்திடம் சொல்லிவிட்டு உறங்கச் செல்ல முடியும். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆகவே, இப்போது அனுப்பலாமா என்ற தீர்ப்பு பெரும்பாலும் அந்த இரண்டாவது குறிப்பைப் பொறுத்தே அமைகிறது.

அந்தக் குறிப்பு எப்படி உருவாகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மொபைல் இணைப்பு எதுவாயினும் பொதுவாக அது கழிக்கப்படுவதாகவே கொள்ளப்படும். வைஃபை இணைப்பு எதுவாயினும், மாறான சான்று இல்லாதவரை, கழிக்கப்படாததாகக் கொள்ளப்படும். அந்தச் சான்றைத் தருவது மறுமுனையில் இருக்கும் கருவிதான். ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி தன் ஹாட்ஸ்பாட்டை இன்னொன்றுக்குத் திறந்துவிடும்போது, இணைய முகவரி வழங்கும் அதே தொடக்க உரையாடலிலேயே `ANDROID_METERED` என்ற ஒரு சிறு குறிச்சொல்லையும் சேர்த்து அனுப்புகிறது. இணையும் கைபேசி அதைப் படித்து, இது வைஃபையாகத் தெரிந்தாலும் பின்னால் ஒருவரின் மொபைல் டேட்டா கரைகிறது என்று புரிந்துகொண்டு பதிவேற்றத்தை நிறுத்திவைக்கிறது. எங்களிடம் இருந்ததைப் போன்ற கையடக்க வைஃபை கருவி இந்தக் குறிச்சொல்லை அனுப்பாவிட்டால், அளவற்ற வீட்டு இணைப்புக்கும் அதற்கும் கைபேசியால் வேறுபாடு காண இயலாது.

இதைக் கையால் திருத்தலாம். அந்த வைஃபையில் இணைந்திருக்கும்போது Settings, Network & internet, Internet என்று சென்று, அதன் பெயருக்கு அருகில் உள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால், Network usage என்ற பகுதியில் Detect automatically, Treat as metered, Treat as unmetered என மூன்று தெரிவுகள் வரும். சில நிறுவனங்களின் கைபேசிகளில் தலைப்புகளும் வரிசையும் சற்று மாறியிருக்கும். ஆனால் Metered என்ற சொல்லை அமைப்புகளில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். Treat as metered என்பதைத் தேர்ந்தால், அந்த வைஃபை பெயருக்கு உரிய குறிப்பாக அது சேமிக்கப்படும். இங்கே இரண்டு வரம்புகளை நினைவில் கொள்ள வேண்டும். இது அந்த ஒரு கைபேசிக்குள் மட்டுமே இருக்கும் குறிப்பு. அதே கருவியில் இணையும் ஒவ்வொரு கைபேசியிலும் தனித்தனியே செய்தாக வேண்டும். மேலும், அந்த வைஃபையை Forget செய்துவிட்டு மீண்டும் இணைந்தால் குறிப்பு அழிந்துவிடும். பழைய ஊகமே திரும்பி வரும்.

ஐபோனில் இதே வேலையை Low Data Mode செய்கிறது. Settings, Wi-Fi என்று சென்று, இணைப்பின் பெயருக்கு அருகில் உள்ள வட்டத்துக்குள் i என்ற குறியைத் தொட்டு அதை இயக்கினால், அந்த இணைப்பில் ஐகிளவுட் படப் பதிவேற்றம் இடைநிறுத்தப்படும்.

இனி, மொபைல் டேட்டாவிலேயே ஓரளவு பதிவேற்ற விரும்புவோரின் கணக்குக்கு வருவோம். மாதத்துக்கு 6 ஜி.பி. தரும் திட்டம் ஒன்றை வைத்திருக்கும் ஒருவர், நாளொன்றுக்கு 20 படங்களும் 1 நிமிடக் காணொளி ஒன்றும் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 12 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் 4 எம்.பி. என்றால் படங்களுக்கு நாளொன்றுக்கு 80 எம்.பி., மாதத்துக்கு 2.4 ஜி.பி. ஆகும். 1080பி தரத்தில், நொடிக்கு 30 சட்டங்களுடன், பழைய எச்.264 முறையில் பதிவாகும் காணொளி நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்.பி. பிடிக்கும், அது மாதத்துக்கு 3.9 ஜி.பி. ஆகிறது. இரண்டும் சேர்ந்து 6.3 ஜி.பி. ஒரு செய்தியைக்கூடப் படிக்காமலேயே திட்டம் முடிந்துவிடும். இருபது படங்களைவிட அந்த ஒரே ஒரு நிமிடக் காணொளி அதிகம் விழுங்குகிறது என்பதைக் கவனித்தால், முதலில் எதை அடைக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

கூகுள் போட்டோஸ் செயலியில் உங்கள் உருவப்படத்தைத் தொட்டு, Photos settings, Backup, Mobile data usage என்று சென்றால், மொபைல் டேட்டாவில் நாளொன்றுக்கு எவ்வளவு பதிவேற்றலாம் என்ற உச்சவரம்பை அமைக்கலாம். அறவே வேண்டாம் என்பதில் தொடங்கி, 5, 10, 30 எம்.பி. என்று சென்று, வரம்பற்றது என்பது வரை தெரிவுகள் உள்ளன. காணொளிகளை மொபைல் டேட்டாவில் அனுப்புவதற்கும், ரோமிங்கில் அனுப்புவதற்கும் தனித்தனிப் பொத்தான்கள் அதே இடத்தில் இருக்கின்றன. இரண்டையும் அணைத்தே வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மேற்சொன்ன நபர் 30 எம்.பி. வரம்பைத் தேர்ந்தால் என்ன நடக்கும்? நாளொன்றுக்கு ஏழு படங்கள் மொபைல் வழியே செல்லும். மாத முடிவில் செலவு அதிகபட்சம் 900 எம்.பி., அதாவது அவரது திட்டத்தில் 15 விழுக்காடு. எஞ்சிய 13 படங்கள் நாள்தோறும் வரிசையில் காத்திருக்கும். வாரம் ஒருமுறை அவர் அளவற்ற வைஃபை உள்ள இடத்துக்குச் செல்கிறார் என்றால், அன்று 91 படங்களுக்கு 364 எம்.பி., ஏழு காணொளிகளுக்கு 910 எம்.பி., ஆக 1,274 எம்.பி. அனுப்பப்பட வேண்டும். பதிவேற்ற வேகம் 10 எம்.பி.பி.எஸ். என்றால் இதற்குச் சுமார் 17 நிமிடங்கள் ஆகும். இங்கே ஒரு தெளிவு தேவை: இணைப்பின் வேகம் பிட்டுகளிலும் கோப்பின் அளவு பைட்டுகளிலும் சொல்லப்படுவதால், கோப்பின் அளவை எட்டால் பெருக்கிய பிறகே வேகத்தால் வகுக்க வேண்டும். மேலும், விளம்பரங்களில் காணும் வேகம் பெரும்பாலும் பதிவிறக்க வேகம். பதிவேற்ற வேகம் பல இணைப்புகளில் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

வாரந்தோறும் நல்ல வைஃபை கிடைப்பவருக்கு மொபைல் டேட்டாவை முற்றாக அணைப்பதே சிக்கனமானது. ஆனால் கைபேசி தொலைந்தால் அதிகபட்சம் ஒரு வாரப் படங்கள் போய்விடும் என்பதை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் வைஃபையே காணாதவர் 30 எம்.பி. வரம்பை வைத்துக்கொண்டு, கேமரா அமைப்பில் படங்களை ஹெச்.இ.ஐ.சி. வடிவிலும் காணொளிகளை ஹெச்.இ.வி.சி. முறையிலும் சேமிக்கச் செய்வது நல்லது. கோப்புகள் ஏறத்தாழப் பாதி அளவுக்குச் சுருங்குவதால், அதே 30 எம்.பி.க்குள் ஏழு படங்களுக்குப் பதிலாகப் பதினான்கு வரை அடங்கும். பழைய கணினிகள் சிலவற்றில் இந்தக் கோப்புகள் திறக்காமல் போகலாம் என்பது மட்டுமே இதன் குறை.

கவனத்துக்குத் தப்பும் இன்னொரு கசிவு, கூகுள் போட்டோஸ் செயலியின் Back up device folders என்ற பட்டியலில் இருக்கிறது. வாட்ஸ்அப் படக் கோப்புறையை அங்கே இயக்கிவிட்டால், குழுக்களில் வந்து விழும் வாழ்த்துப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் நாம் இருமுறை செலவழிக்கிறோம்: பெறும்போது ஒருமுறை, பதிவேற்றும்போது மறுமுறை. நம் குழந்தையின் படம் வரிசையில் நிற்க, யாரோ அனுப்பிய பூங்கொத்து அன்றைய வரம்பில் இடம்பிடித்துக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. வீட்டு வைஃபையில் இரவு முழுவதும் இருந்தும் எதுவும் பதிவேறாமல், செயலி வைஃபைக்காகக் காத்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது, அந்த இணைப்பு தவறுதலாக Treat as metered என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். அது சரியாக இருந்தால், மின்சேமிப்புக் கட்டுப்பாடு காரணமாக இருக்கலாம். அசையாமல் கிடக்கும் கைபேசி மின்கலத்தைக் காப்பதற்காகப் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும். மின்னேற்றியில் செருகியதும் அந்தக் கட்டுப்பாடு தளரும். வைஃபை இருக்கும் இடத்தில் மின்னேற்றியில் செருகி, செயலியை ஒருமுறை திறந்து வைத்தால் வரிசை நகர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

கூகுள் போட்டோஸில் உள்ள Free up space என்ற வசதியைப் பயன்படுத்துவோர், டேட்டா எதிர்த்திசையிலும் செலவாகும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அது, பதிவேறி முடிந்த படங்களைக் கைபேசியிலிருந்து நீக்குகிறது. அதன்பின் பழைய படங்களைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவை இணையத்திலிருந்து இறங்குகின்றன. பழைய காணொளி ஒன்றை மொபைல் டேட்டாவில் ஓடவிட்டால், பதிவேற்றத்தில் மிச்சப்படுத்திய பல நாள் டேட்டா அதிலேயே போய்விடும். மேலே சொன்ன நாள்வரம்பு பதிவேற்றத்துக்கு மட்டுமே உரியது. இந்தப் பார்வைச் செலவை அது தடுக்காது.

அமைப்புகளை மாற்றிய பின் அவை உண்மையில் வேலை செய்கின்றனவா என்பதை ஒரே நாளில் சோதித்துவிடலாம். கைபேசியின் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் App data usage என்பதைத் திறந்து, பதிவேற்றச் செயலிக்கு நேராக உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தொட்டால், செயலி திரையில் திறந்திருந்தபோது ஆன செலவு Foreground என்றும், நாம் பார்க்காதபோது ஆன செலவு Background என்றும் பிரித்துக் காட்டப்படும். வழக்கம்போல் படமெடுத்துவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் பாருங்கள். Background எண் நீங்கள் வைத்த வரம்பை ஒட்டியே கூடியிருந்தால் எல்லாம் சரி. அதைத் தாண்டியிருந்தால் காணொளிப் பொத்தானையும், Foreground மட்டும் கூடியிருந்தால் பழைய படங்களைப் புரட்டிய நேரத்தையும் நோக்க வேண்டும். வைஃபை கருவியையோ ஹாட்ஸ்பாட்டையோ பகிர்ந்துகொள்பவர்கள், அதைத் தரும் கருவியின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் இணைந்திருக்கும் கைபேசியின் மொபைல் டேட்டா பக்கம் அந்தச் செலவைக் காட்டுவதே இல்லை.