இருபது சதவீதம் சரி, எதிலிருந்து?

குடியாத்தத்தில் என் கிளினிக்குக்கு ஒன்பது வருடமாக வருகிற ஒரு தம்பதி. அண்ணனுக்குச் சர்க்கரை, பிபி, கொழுப்பு மூன்றும் உண்டு. தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். போன மாதம் உள்ளே வந்ததும் உட்காராமலே போனை நீட்டினார். "இத பாருங்க டாக்டரம்மா, பெங்களூர்ல இருந்து மாப்பிள்ளை அனுப்பினாரு."

செய்தித்தாள் துண்டை யாரோ மேசையில் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். கட்டைவிரல் நிழல் ஒரு பக்கம், மடிப்புக் கோடு நடுவில். 'மாரடைப்பு அபாயத்தை 20 சதவீதம் குறைக்கும் புதிய ஊசி' என்று தலைப்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. தேதி இல்லை. மூன்றாவது பத்தி பாதி வாக்கியத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

"நூத்துல இருபது பேருக்கு மாரடைப்பே வராதாம். இத போட்டா பழைய மாத்திரையெல்லாம் எதுக்கு?" என்றார். கேட்டதோடு நிற்கவில்லை. கொழுப்பு மாத்திரையை மூன்று வாரம் முன்பே நிறுத்திவிட்டாராம். அதைச் சொன்னது அக்கா, அவர் இல்லை.

செய்தி பொய்யில்லை. அது செமாக்ளூடைட் என்கிற வாராந்திர ஊசியைப் பற்றிய செலக்ட் ஆய்வு. 2023 நவம்பரில் வெளியானது. ஆய்வுச் சுருக்கம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அங்கேயே உட்கார்ந்து திறந்தேன். நான் தேடியது இரண்டே இரண்டு எண்களை. மருந்து போட்டவர்களில் எத்தனை பேருக்குப் பாதிப்பு வந்தது, போடாதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது. எந்த மருந்துச் செய்தியிலும் முதலில் இந்த இரண்டைத்தான் தேடுவேன். இவை இல்லாத சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது.

ஊசி போட்டவர்கள் 8,803 பேர். மருந்தில்லாத ஊசி போட்டவர்கள் 8,801 பேர். சராசரியாக மூன்று வருடம் நாலு மாதம் கவனித்திருக்கிறார்கள். மருந்தில்லாத குழுவில் 701 பேருக்குப் பாதிப்பு, மருந்துக் குழுவில் 569 பேருக்கு. இந்தப் பாதிப்பு என்பதும் மாரடைப்பு மட்டுமல்ல. இதய, ரத்தக்குழாய் நோயால் இறப்பு, உயிர் தப்பிய மாரடைப்பு, உயிர் தப்பிய பக்கவாதம் மூன்றையும் சேர்த்து எண்ணியது. தலைப்பு போட்டவர் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பிரிஸ்கிரிப்ஷன் தாளைத் திருப்பிப் போட்டு, ஆயிரம் பேருக்கு என்று எழுதினேன். ஊசி போடாத ஆயிரம் பேரில் 80. போட்ட ஆயிரம் பேரில் 65. வித்தியாசம் 15.

அண்ணன் தாளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபது எங்க இருக்குது இதுல?"

அக்காவின் ஊர் இலவம்பாடிப் பக்கம், முள்கத்தரிக்காய்க்குப் பேர் போன ஊர். அவரிடமே கேட்டேன்: "கத்தரிக்காய் விலை இருபது சதவீதம் குறைஞ்சுடுச்சுன்னா உங்களுக்கு எவ்வளவு மிச்சம்க்கா?"

"கிலோ இன்னா விலைக்கு வித்துகினு இருந்ததுன்னு சொல்லாம எப்படிச் சொல்றது? நூறு ரூவான்னா இருபது மிச்சம். பத்து ரூவான்னா ரெண்டு."

அவ்வளவுதான் விஷயம். 80 பேர் 65 ஆனது, அந்த 80-ல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. (15-ஐ 80-ஆல் வகுத்தால் 19-க்குச் சற்றுக் குறைவாக வரும். ஆய்வின் 20, பாதிப்பு எப்போது வந்தது என்கிற காலத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு.) இதை நாங்கள் ரிலேட்டிவ் குறைவு என்போம், ஒப்பீட்டுக் குறைவு. நூறு பேருக்கு 8-லிருந்து 6.5 ஆனது, அதாவது நேராகக் கழித்தால் 1.5. இது அப்சொல்யூட் குறைவு. இரண்டும் ஒரே ஆய்வு, ஒரே மருந்து. தலைப்புக்கு எது போகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆயிரத்துக்கு 15 என்றால், சுமார் 67 பேர் மூன்று வருடத்துக்கு மேல் வாராவாரம் ஊசி போட்டால் ஒருவர் தப்பிக்கிறார். "அந்த ஒருத்தர் யாரு?" என்று கேட்டார் அண்ணன். தெரியாது. மருந்து போட்டவருக்கும் தெரியாது, போட்டுவிட்ட டாக்டருக்கும் தெரியாது. ஆயிரத்தில் 920 பேருக்கு ஊசி இல்லாமலே அந்தக் காலத்தில் ஒன்றும் ஆகியிருக்காது, 65 பேருக்கு ஊசி போட்டும் ஆனது.

இதற்காக 1.5-ஐ அற்பம் என்று தள்ளிவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்து ஆபத்து அதிகமாக இருப்பவருக்கு, அடுத்த சில வருடத்தில் நூற்றுக்கு 30 என்று ஆபத்து இருந்தால், அதே ஐந்தில் ஒரு பங்கு 6 பேரைக் காப்பாற்றும். ஆபத்து நூற்றுக்கு 2 மட்டுமே உள்ளவருக்கு அது அரைக்கும் குறைவு. ஒப்பீட்டுச் சதவீதம் பெரும்பாலும் அதிகம் மாறாமல் இருக்கும். அது யார் மேல் உட்காருகிறது என்பதைப் பொறுத்து லாபம் மாறும்.

படத்தில் தெரிந்த கடைசி வரி, சிலருக்கு லேசான குமட்டல் வரலாம் என்று முடிந்திருந்தது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நன்மைக்கு ஒப்பீட்டுச் சதவீதம், தொந்தரவுக்குச் 'சிலர்'. அதே ஆய்வில் உடல் உபாதையால் மருந்தை நிறுத்தியவர்கள் ஊசிக் குழுவில் நூற்றுக்கு 16.6, மற்றக் குழுவில் 8.2. பெரும்பாலும் வயிற்றுத் தொந்தரவு. தலைப்பு எழுதிய அதே முறையில் எழுதினால், 'நிறுத்துவோர் எண்ணிக்கை இரு மடங்கு' என்று வந்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் கணக்கில், 15 பேர் தப்பிக்க, கூடுதலாக 84 பேர் தாங்க முடியாமல் விடுகிறார்கள். நிறுத்தினால் குமட்டல் போய்விடும், பக்கவாதம் அப்படிப் போகாது. அதனால் இரண்டும் சமம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும்.

அப்புறம், ஆய்வில் யார் இருந்தார்கள் என்று பார்த்தோம். 45 வயதுக்கு மேல், அதிக எடை, ஏற்கெனவே இதய அல்லது ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள். சர்க்கரை நோய் இருந்தால் சேர்க்கவே இல்லை. அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாரடைப்பு வந்ததில்லை. அவர் இரண்டு பக்கமும் வெளியே. இந்த ஊசி சர்க்கரைக்குப் பயன்படும், எடையையும் குறைக்கும். அவருக்கு வேண்டுமா என்பது வேறு பேச்சு, அதற்கு வேறு ஆய்வுகள் இருக்கின்றன. இந்த 20 மட்டும் அவருடையதில்லை.

இன்னொன்றையும் காட்டினேன். ஆய்வில் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் கொழுப்பைக் குறைக்கும் மருந்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த 15 பேர், பழைய மாத்திரை வேலை செய்தபிறகு அதற்கு மேல் கிடைத்த லாபம். மாத்திரையை விட்டுவிட்டு ஊசி மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு சோதிக்கவில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தத் தாளை, 80, 65 என்று எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினார். அவருக்கு என்ன புரிந்திருக்குமோ தெரியவில்லை. நான் கொழுப்பு மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னேன். கதவருகே அக்கா திரும்பி நின்று, "மாத்திரை நிறுத்தின விஷயத்த மாப்பிள்ளைகிட்ட சொல்லல டாக்டரம்மா, அது அவரா எடுத்த முடிவு" என்றார்.